யுபிஐ-யில் 'பெண்டிங்' காட்டினால்: பணம் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் பொறுக்கலாம்?

யுபிஐ பின் நம்பரைப் போட்டாகிவிட்டது. பச்சை டிக் வரவில்லை. மஞ்சள் நிறத்தில் 'பெண்டிங்' என்று நிற்கிறது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக மெசேஜும் வந்துவிட்டது. வாங்க வேண்டியவரோ "இன்னும் வரலையே" என்கிறார்.

இந்த நிலையில் வீட்டு வாடகை ஒன்று மாட்டிக்கொண்டபோது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிறைய அலைந்தேன். கிளையில் போய் நின்றால் "ஆப்ல கேளுங்க" என்றார்கள். ஆப்பில் கேட்டால் "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்" என்று வந்தது. இரண்டு பதிலுமே பாதி சரி, பாதி தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. நீங்கள் அந்த அலைச்சல் அலைய வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன். இந்தியாவுக்குள், ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐ-யில் அனுப்பும் பணத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். கடைக்குக் கட்டிய பணத்துக்கும் நெஃப்ட்டுக்கும் கணக்கு கொஞ்சம் வேறு; அவை பின்னால் வருகின்றன.

1. திரும்ப அனுப்பாதீர்கள், முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்

பெண்டிங் என்றதும் கை தானாக இன்னொரு முறை அனுப்பப் போகும். அங்கேதான் சிக்கல் இரட்டிப்பாகிறது. முதலில் அனுப்பியது அரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்துவிட்டால், இரண்டாவது தொகையைத் திரும்ப வாங்க எந்த விதியும் உங்களுக்கு உதவாது. நீங்களே விரும்பி அனுப்பி, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பணம் அது. வாங்கியவர் மனசு வைத்தால்தான் உண்டு.

ஆப்பை மூடிவிட்டு உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கையோ மொபைல் ஆப்பையோ திறந்து ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். மெசேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது தாமதமாகவும் வரும், வராமலும் போகும். ஸ்டேட்மென்ட்டில் பணம் கழிந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் இப்போது கேள்வி.

கழியவில்லை என்றால் பெரிய விஷயமில்லை. ஆப்பில் பெண்டிங் என்பது 'ஃபெயில்டு' என்று மாறும்வரை காத்திருந்து, பிறகு மறுபடி அனுப்புங்கள். கழிந்திருந்தால் மேலே படியுங்கள்.

2. பெண்டிங் என்றால் என்ன என்று ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

யுபிஐ-யில் பணம் போகும் வழி இதுதான். நீங்கள் பின் போட்டதும் ஆப் அந்தக் கட்டளையை என்பிசிஐ என்ற நிறுவனத்தின் சுவிட்சுக்கு அனுப்புகிறது. சுவிட்ச் முதலில் உங்கள் வங்கியிடம் "இவர் கணக்கில் இவ்வளவு எடு" என்கிறது. உங்கள் வங்கி "எடுத்தாச்சு" என்று பதில் சொன்னதும், பெறுபவரின் வங்கியிடம் "இவர் கணக்கில் இவ்வளவு போடு" என்கிறது. அந்த வங்கி "போட்டாச்சு" என்றால் உங்களுக்குப் பச்சை டிக் வரும். எல்லாம் சில நொடிகளில் முடிகிற வேலை.

பதில் வராமல் போக இந்த வழியில் இரண்டு இடங்கள் உண்டு. எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து நடப்பதெல்லாம்.

முதல் இடம், உங்கள் வங்கி. பணத்தை எடுத்துவிட்டு, அந்தப் பதிலை நேரத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம். அப்போது சுவிட்ச் பெறுபவரின் பக்கமே போகாது. ஆப்பில் 'ஃபெயில்டு' என்று காட்டும், ஆனால் பணம் கழிந்திருக்கும். பயமாக இருந்தாலும் இரண்டில் எளிதான சிக்கல் இதுதான். பணம் உங்கள் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. திரும்ப வைக்க வேண்டியதும் அதே வங்கிதான். பெரும்பாலும் அன்றைக்கே திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது இடம், பெறுபவரின் வங்கி. "போடு" என்று சொல்லியாகிவிட்டது, பதில் இல்லை. போட்டதா, போடவில்லையா என்று யாருக்கும் தெரியாது. உண்மையான பெண்டிங் என்றால் இதுதான். மாத முதல் வாரத்தில் சம்பளமும் தவணைகளும் ஒன்றாக ஓடும் நாட்களிலும், வங்கிகள் அன்றைய கணக்கை முடிக்கும் இரவு நேரத்திலும் இதை அதிகம் பார்க்கலாம்.

எனக்குக் கிளையில் யாரும் விளக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. பெறுபவரின் வங்கி பதில் சொல்லாவிட்டால், பணம் போய்ச் சேர்ந்ததாகவே வைத்துக்கொண்டு வங்கிகளுக்கு இடையேயான கணக்கை என்பிசிஐ தீர்த்துவிடுகிறது. அதாவது உங்கள் பணம் உங்கள் வங்கியிடம் இல்லை, என்பிசிஐ-யிடமும் இல்லை. பெறுபவரின் வங்கிக்குப் போய்விட்டது. அவருடைய கணக்கில் ஏறியதா என்பதுதான் பாக்கி. அந்த வங்கி தன் பேரேட்டையும் என்பிசிஐ அனுப்பிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஏறாமல் கிடந்தால் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் கிளை மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தப் பணத்தைத் தானாகத் திருப்பித் தர அவரால் முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

3. பன்னிரண்டு இலக்க எண்ணை எடுத்து வையுங்கள்

இனி எங்கே போனாலும் கேட்கப்போவது இந்த ஒரு எண்ணைத்தான். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் `UPI transaction ID` அல்லது `UTR` என்ற பெயரில் இருக்கும். வங்கிக்காரர்கள் ஆர்ஆர்என் என்பார்கள். ஆப் தன் உபயோகத்துக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாக இன்னொரு அடையாளமும் கொடுத்திருக்கும். அதை வங்கியில் சொன்னால் எதுவும் கிடைக்காது. முழுக்க எண்களாக, பன்னிரண்டு இலக்கம் இருப்பதை எடுங்கள்.

எங்கள் வாடகை விஷயத்தில் ஸ்டேட்மென்ட்டில் இருந்த வரி கிட்டத்தட்ட இப்படி (பின்னால் உள்ள எட்டு இலக்கங்களை மாற்றியிருக்கிறேன்):

```
05-07-2025  UPI/DR/518640219377/...   12,000.00
```

`DR` என்றால் பணம் வெளியே போயிருக்கிறது. அதற்கு அடுத்து இருப்பதுதான் அந்த எண். முதல் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 5 என்பது 2025-இன் கடைசி இலக்கம், 186 என்பது அந்த ஆண்டின் 186-ஆவது நாள், அதாவது ஜூலை 5. எல்லா எண்ணும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறைய எண்கள் இப்படித்தான் தொடங்கும். ஒரே ஆளுக்கு ஒரே தொகையை மாதாமாதம் அனுப்புகிறவர்களுக்கு இது உதவும்; போன மாத எண்ணைத் தவறாகக் கொடுத்து, "அது போய்ச் சேர்ந்திருக்கே" என்ற பதிலை வாங்காமல் தப்பிக்கலாம்.

எண்ணோடு சேர்த்து மூன்று விஷயங்களை அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்: ஆப்பில் பெண்டிங் காட்டும் திரையின் ஸ்கிரீன்ஷாட், அந்தத் தேதி அடங்கிய ஸ்டேட்மென்ட் பிடிஎஃப், பெறுபவரின் யுபிஐ முகவரி. பிடிஎஃப்-ஐ நெட் பேங்கிங்கில் நீங்களே இறக்கிக்கொண்டால் செலவில்லை. கிளையில் அச்சடித்துக் கேட்டால் சில வங்கிகள் கட்டணம் போடும், தேவையே இல்லை.

4. பெறுபவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"பணம் வந்துச்சா?" என்று கேட்டால் அவர் மெசேஜைப் பார்த்துவிட்டு "வரலை" என்பார். அது போதாது. "உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஜூலை 5, 6 தேதியில 12,000 ரூபாய் வரவு இருக்கானு பாருங்க" என்று தேதியும் தொகையும் சொல்லிக் கேளுங்கள். எத்தனையோ முறை பணம் ஏறியிருக்கும், 'போட்டாச்சு' என்ற பதில் மட்டும் தொலைந்திருக்கும். அவருடைய யுபிஐ ஆப்பிலும் அது தெரியாமல் இருக்கலாம். வங்கிக் கணக்கில் தெரியும்.

அவர் பல வங்கிகளில் கணக்கு வைத்திருந்தால், அந்த யுபிஐ முகவரி எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் பாவம், ஓய்வூதியம் வரும் கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். யுபிஐ இணைந்திருந்தது வேறொரு வங்கியில். அங்கேயும் அன்று வரவு இல்லை என்பது வேறு கதை.

5. நாளை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள்

கவலைப்பட வேண்டிய நாள் எது என்பதை ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட அதன் சுற்றறிக்கைப்படி, ஒருவருக்கொருவர் அனுப்பும் யுபிஐ பணம் கழிந்து, மறுபக்கம் ஏறாவிட்டால், அனுப்பிய நாளுக்கு மறுநாளுக்குள் அது திரும்பியாக வேண்டும். தவறினால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்றமான ஐஎம்பிஎஸ்-க்கும் இதே கெடுதான்.

இங்கே 'நாள்' என்பது காலண்டர் நாள். ஞாயிறும் பண்டிகையும் கணக்கில் சேரும். "இன்னைக்கு லீவு சார், ஒர்க்கிங் டேதான் எண்ணணும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

எங்கள் கணக்கு இப்படி ஓடியது. ஜூலை 5, சனிக்கிழமை இரவு பணம் அனுப்பியது. மறுநாள் ஞாயிறு, ஜூலை 6. கெடு அன்று நள்ளிரவோடு முடிகிறது. ஆக ஞாயிறு முழுவதும் பெண்டிங் என்று காட்டினாலும் பதற்றப்பட ஒன்றும் இல்லை. திங்கள் காலை எழுந்தும் இரண்டு பக்கமும் பணம் இல்லையென்றால்தான் புகாருக்கான நேரம். வாடகை கடைசியில் செவ்வாய்க்கிழமை, ஜூலை 8 அன்று வீட்டுக்காரர் கணக்கில் ஏறியது. கெடு தாண்டியது 7, 8 என இரண்டு நாள். விதிப்படி 200 ரூபாய்.

அந்த 200 யாருக்கு? பலரும் அனுப்பியவருக்கு என்று நினைக்கிறார்கள். தாமதமாக ஆனாலும் பணம் பெறுபவருக்கே போய்ச் சேர்ந்தால், காத்திருந்தவர் அவர் என்பதால் இழப்பீடு அவருக்கு என்பதுதான் சுற்றறிக்கை சொல்லும் கொள்கை. யாரும் புகார் கொடுக்கக் காத்திராமல் வங்கி தானாகவே வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில், கேட்டால் சீக்கிரம் வரும்.

கடைக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் கட்டிய பணம் என்றால் கெடு நீளம். உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி போகாவிட்டால், திரும்ப ஐந்து நாள் வரை ஆகலாம். அதன் பிறகுதான் நாளுக்கு 100. கடையில் ஸ்பீக்கர் சத்தம் போடவில்லை, கடைக்காரர் விட மாட்டேன் என்கிறார் என்ற நிலையில் ரொக்கமாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். கொடுக்கும்போது பில்லின் பின்னால் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை எழுதி, கடைக்காரர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டும் அவருக்கே போயிருந்தால் பேச ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும். பெட்டிக்கடைகள் சில, கடைக்காரரின் சொந்தக் கணக்கு க்யூஆரையே ஒட்டியிருக்கும். அதற்குக் கட்டியது ஆளுக்கு ஆள் அனுப்பியதாகவே கணக்காகும், மறுநாள் கெடுதான் பொருந்தும்.

6. புகாரை இரண்டு பக்கத்திலிருந்தும் கொடுங்கள்

கெடு முடிந்த மறுநாள் காலை, முதலில் ஆப்பில். பரிவர்த்தனை வரலாற்றில் அந்த வரியைத் திறந்தால் உதவி கேட்கவோ புகார் எழுப்பவோ ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் போய், பணம் கழிந்தது ஆனால் பெறுபவருக்குச் சேரவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். பொதுவான அரட்டைப் பெட்டியில் போய்ப் புலம்புவதைவிட இது மேல். அந்தப் பொத்தான் வழியாகப் போகும் புகார் பரிவர்த்தனை எண்ணோடு சேர்ந்தே பதிவாகிறது. புகார் எண் வரும். அதை எழுதி வையுங்கள்.

அடுத்து உங்கள் வங்கிக்கு எழுத்தில் ஒரு புகார். நெட் பேங்கிங்கிலோ வங்கியின் மின்னஞ்சலிலோ கொடுக்கலாம், கிளைக்குப் போக வேண்டியதில்லை. கதை எழுதாதீர்கள். இவ்வளவு போதும்: "05-07-2025 அன்று என் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் ரூ.12,000 கழிக்கப்பட்டுள்ளது. பரிவர்த்தனை எண் இது. பெறுபவரின் கணக்கில் 07-07-2025 காலை வரை வரவாகவில்லை, எனக்கும் திரும்பவில்லை. ரிசர்வ் வங்கியின் 20-09-2019 சுற்றறிக்கைப்படி தொகையையும் இழப்பீட்டையும் தீர்த்துத் தரவும்." ஸ்டேட்மென்ட்டையும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள்.

மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள், எங்களுக்கு வேலை நடந்ததோ அதில்தான். பெறுபவரும் தன் வங்கியில் கேட்க வேண்டும். பணம் நிற்பது அங்கே என்று மேலே பார்த்தோம். வீட்டுக்காரர் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தன் கிளைக்குப் போய், "இந்த யுபிஐ வரவு என் கணக்கில் ஏறலை, பாருங்க" என்று கொடுத்தார். எங்கள் வங்கி பதில் எழுதுவதற்கு முன்பே பணம் ஏறிவிட்டது. பெறுபவர் வயதானவராக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

இதற்கெல்லாம் எந்தக் கட்டணமும் கிடையாது. புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் முறையிடலாம். அதுவும் இலவசம். வங்கிக்கு முதலில் புகார் கொடுத்ததற்கான எண் கையில் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று சொன்னது அதற்காகத்தான்.

7. இந்த நேரத்தில் விரிக்கப்படும் வலை

பணம் மாட்டிக்கொண்டவர் செய்கிற முதல் காரியம், ஆப்பின் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுவது. தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்களுடையதும் கலந்திருக்கும். அழைத்தால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். "ரீஃபண்ட் போடுறோம், இந்த லிங்க்கைத் திறங்க", "திரையைப் பகிர ஒரு ஆப் இறக்குங்க", "பின் போட்டு உறுதி பண்ணுங்க" என்று போகும். பணம் உங்கள் கணக்குக்கு வர எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை. பின் கேட்கிறார்கள் என்றால் பணம் வெளியே போகப்போகிறது.

உதவி எண் வேண்டுமென்றால் ஆப்புக்குள்ளே இருப்பதை, அல்லது உங்கள் ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சடித்திருப்பதை மட்டும் எடுங்கள். தெரியாமல் பின் போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. தவறான எண்ணுக்கு அனுப்பி அது 'சக்சஸ்' என்று காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள கெடுவும் 100 ரூபாயும் பொருந்தாது. அது தனிப் புகார்.

8. நெஃப்ட்டில் பெண்டிங் என்றால்

நெஃப்ட் உடனுக்குடன் போகாது. அரை மணிக்கு ஒரு தொகுதியாக, 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எல்லா நாளும் போகிறது. அனுப்பிய உடனே பெண்டிங் காட்டுவது இயல்பு. உங்கள் பணம் அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கிறது. அந்தத் தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவருக்கு ஏற வேண்டும், அல்லது உங்களுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே மூன்று மணி நேரம் தாண்டியும் இரண்டுமில்லை என்றால் கேட்கத் தொடங்கலாம். கேட்கும்போது கொடுக்க வேண்டியது பதினாறு இலக்க, எழுத்தும் கலந்த `UTR` எண். இங்கே நாளுக்கு 100 ரூபாய் என்ற கணக்கு இல்லை. தாமதமான காலத்துக்கு ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். 12,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி சில ரூபாய்தான் வரும்.

கூட்டுக் கணக்கிலோ நிறுவனக் கணக்கிலோ 'பெண்டிங் ஃபார் அப்ரூவல்' என்று காட்டினால் அது வேறு. பணம் கழியவே இல்லை. இரண்டாவது ஆள் உள்ளே போய் ஒப்புதல் கொடுக்கவில்லை என்று பொருள். அவருக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது.